கரம் காய்களும் ஐந்தாம் நாளும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், மூத்த பிரஜைகள் சங்கம் ஒன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலை கூடுகிறது. நான் வேலை செய்யும் மருந்தகத்துக்கு வழக்கமாக வரும் ஐயா ஒருவர் அதன் செயலாளர். நித்திரைக் குளிசைகளைப் பற்றி அரை மணித்தியாலம் பேச முடியுமா என்று அவர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். இருபத்து நான்கு வருடங்களாக அந்தக் குளிசைகளை எண்ணி உறையிலிட்டுக் கொடுத்து வருகிறேன். பேசுவதற்கு என்ன குறை என்று நினைத்தேன். அன்று மாலை பேசி முடித்துவிட்டு வீடு திரும்பியபோது, என் பேச்சின் முதல் இருபது நிமிடங்கள் அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கேனும் பெரும் கெடுதி செய்திருக்கக்கூடும் என்ற நினைப்பு கூடவே வந்தது. மாதங்கள் கடந்தும் அது முழுதாக அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். கையில் இருக்கும் மருந்துகளை உறையோடு கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருந்தேன். நம் ஊரில் பல வைத்தியர்கள் தங்கள் டிஸ்பென்சரியிலேயே மருந்தைச் சிறு கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பது வழக்கம். உறையில் ‘இரவு 1’ என்று மட்டும் எழுதியிருக்கும், மருந்தின் பெயர் பெரும்பாலும் இராது. பலருக்குத் தாங்கள் விழுங்குவது ‘நித்திரைக்குளிசை’ என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. மேசைக்கு வந்த உறைகளில் எனக்கு அடையாளம் தெரிந்தவை பெரும்பாலும் மூன்று மருந்துகள்தான்: டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலாம். ஒருவர் கொண்டுவந்தது சளிக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின். அதைக் குடித்தால் நித்திரை வருகிறது என்பதற்காக வருடக்கணக்கில் குடித்து வருகிறார். அதுவும் முதியவர்களுக்கு உகந்ததல்ல. மறதியையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடியது. குளோனசிபாம் கொண்டுவந்தவர்களில் ஒருவருக்கு அது நித்திரைக்காகக் கொடுக்கப்பட்டதே அல்ல. அவருக்கு இளவயதில் வலிப்பு இருந்திருக்கிறது. அவரைத் தனியே அழைத்து, இன்று நான் பேசப்போகும் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, இந்த மருந்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினேன். அந்த முன்யோசனை இருந்த எனக்கு, அடுத்து நடக்கப்போவதைப் பற்றி எந்த முன்யோசனையும் இருக்கவில்லை.

கிண்ணத்தில் பத்தொன்பது காய்கள்

நான் எடுத்துக்கொண்ட விடயம் ஒன்றே ஒன்றுதான்: இரவில் விழுங்கிய குளிசை விடிந்ததும் உடலை விட்டுப் போய்விடுவதில்லை. மருந்து உடலில் பாதியாகக் குறைவதற்கு எடுக்கும் காலம் மருந்துக்கு மருந்து வேறுபடும். சொல்பிடெம் போன்ற புதிய நித்திரைக் குளிசைகளில் அது இரண்டு மூன்று மணித்தியாலம். அல்பிரசோலாமில் ஏறத்தாழ அரை நாள். டயசிபாமில் அது நாட்கணக்கு. அதிலும் வயது ஏற ஏற அந்தக் காலம் நீண்டுகொண்டே போகும், ஏனென்றால் டயசிபாம் கொழுப்பில் கரையும் மருந்து. வயதாகும்போது தசை குறைந்து உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. மருந்து அதற்குள் போய் ஒதுங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இரத்தத்துக்குத் திரும்பி வருகிறது. அதைச் சிதைக்க வேண்டிய ஈரலும் முன்னைப்போல் விரைவாக வேலை செய்வதில்லை. மருந்தாளர்களிடையே ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு: டயசிபாம் பாதியாகக் குறைய எடுக்கும் மணித்தியாலங்கள், ஏறத்தாழ அந்த ஆளின் வயதுக்குச் சமம். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள். எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு மூன்று நாள். ஆளுக்கு ஆள் இது மாறும் என்றாலும் விடயத்தை விளங்கிக்கொள்ள இந்தக் கணக்குப் போதும்.

இதை எண்களாகச் சொன்னால் மண்டபத்தில் பாதிப் பேர் நித்திரையாகிவிடுவார்கள் என்று பயந்து, மூலையில் இருந்த கரம் போர்டின் காய்களைக் கேட்டு வாங்கினேன். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆக மொத்தம் பத்தொன்பது. ஒரு காய் ஒரு மில்லிகிராம். எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இரவில் 5 மில்லிகிராம் டயசிபாம் விழுங்குகிறார் என்று வைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் ஐந்து காய்களைப் போட்டேன். மூன்று நாளில் பாதியாகக் குறையும் மருந்து, ஒரு நாளில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே மறுநாள் ஒரு காயை வெளியே எடுத்தேன், மிச்சம் நான்கு. இரண்டாம் இரவு மறுபடி ஐந்து போட, ஒன்பது ஆயிற்று. ஐந்தில் ஒரு பங்கென்று இரண்டை எடுக்க ஏழு. மூன்றாம் இரவு பன்னிரண்டு. இப்படியே நாலாம் இரவு பதினைந்து, ஐந்தாம் இரவு பதினேழு. ஆறாம் இரவு சிவப்புக் காயையும் போட்டால்தான் கணக்கு நிரம்பியது. பத்தொன்பதும் கிண்ணத்துக்குள் போய்விட்டன. ஏழாம் இரவுக்குப் போடக் காய் போதவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரையோரப் புகையிரதம் ஒன்று கடந்து போயிற்று. அந்த மண்டபத்தில் புகையிரதம் போகும்போது யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. அந்த அரை நிமிடம் முப்பது பேரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திட்டமிட்டிருந்தாலும் அவ்வளவு நன்றாக அமைந்திராது.

இது எங்கே போய் நிற்கும் என்று முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா கேட்டார். கேட்டுவிட்டுத் தானே விடையும் சொன்னார். கிண்ணத்தில் இருபத்தைந்து இருக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு என்பது ஐந்து. ஐந்து போனால் ஐந்து வரும். ஆகவே இருபத்தைந்தில் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. சரியான கணக்கு. அந்த மட்டத்துக்கு அண்மையில் வர இரண்டு வாரம் ஆகும். ‘இரவில் ஒரே ஒரு குளிசைதான் போடுகிறேன்’ என்று சொல்லும் ஒருவரின் உடலில், இரண்டு வாரத்தின் பின், ஒவ்வோர் இரவும் ஐந்து குளிசைகளின் மருந்து இருக்கிறது. போதாததற்கு டயசிபாம் உடலில் மாறும்போது உண்டாகும் பொருளும் அதே வேலையைச் செய்வது. அது டயசிபாமை விடவும் மெதுவாக வெளியேறுவது. அதைக் கணக்கில் சேர்க்கக் காய்களும் இல்லை, எனக்குத் துணிவும் இல்லை.

விழுதல்கள் ஏன் குளிசையின் கணக்கில் எழுதப்படுவதில்லை என்பதை இங்கிருந்துதான் விளக்கினேன். குளிசை தொடங்கிய முதல் இரவில் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை, நல்ல நித்திரை. பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, விடிகாலை மூன்று மணிக்குச் சலம் கழிக்க எழும்பும்போது கால் பிசகுகிறது. இடுப்பெலும்பு முறிகிறது. வைத்தியசாலையில் கேட்டால் ‘பாத்ரூம் நிலம் ஈரமாயிருந்தது’ என்று வீட்டார் சொல்கிறார்கள். குளிசையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அது பத்து நாளாக நல்ல பிள்ளையாக இருந்த ஒன்றல்லவா. காலையில் பத்து மணி வரை தெளியாத தலை, கேட்டதையே திரும்பக் கேட்பது, நடையில் சிறு தள்ளாட்டம் ஆகியவையும் இப்படி மெல்ல மெல்ல வருவதால் வயதின் கணக்கில் எழுதப்படுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிவிட்டு, அம்மாவுக்கு மறதி வியாதி தொடங்கிவிட்டது போலிருக்கிறது என்கிறார்கள். வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: தள்ளாட்டமோ மறதியோ தொடங்கிய மாதத்தையும் அந்த உறை வீட்டுக்கு வந்த மாதத்தையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பார்க்க வேண்டும். குளிசை முதலில் வந்து, சில வாரங்களில் மற்றது வந்திருந்தால், வைத்தியரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இத்துடன் நிறுத்திக்கொண்டு, நடு இரவில் இரண்டாவது குளிசை போடக் கூடாது, அயலவரின் குளிசையை வாங்கிப் போடக் கூடாது, மதுவோடு கூடவே கூடாது, டிரமடோல் போன்ற நோக்குளிசைகளோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கிவிடும், எழும்பும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புங்கள் என்று வழக்கமான அறிவுரைகளைச் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். தேத்தண்ணீரும் வடையும் வந்தன.

கணக்காளர் ஐயாவின் ஐயம்

தேத்தண்ணீர்க் கோப்பையோடு கணக்காளர் ஐயா மறுபடி வந்தார். “பிள்ளை, கணக்கு சரி. ஆனா நான் ஒண்டு கேக்கிறன். ஒரு நாளும் குளிசை போடாத ஆளுக்கு ஒரே தரத்தில அஞ்சு குளிசையைக் குடுத்தா அவர் அடுத்த நாள் எழும்பமாட்டார். இவையள் எல்லாரும் எழும்பி, குளிச்சு, பஸ் ஏறி இஞ்ச வந்திருக்கினம். அப்ப அந்த இருபத்தைந்து காயும் என்ன செய்யுது?”

இதைவிட நல்ல கேள்வியை இந்த விடயத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. மூளை பழகிக்கொள்கிறது என்பதுதான் விடை. இந்த மருந்துகள் மூளையின் தணிக்கும் வேலையை மிகைப்படுத்துகின்றன. தினமும் அப்படித் தணிக்கப்பட்டால், மூளை எதிர்ப்பக்கமாகத் தன்னை இறுக்கிக்கொள்கிறது. ஆகவே நித்திரைக்கான பலன் இரண்டு மூன்று வாரங்களிலேயே தேயத் தொடங்குகிறது. இக்குளிசைகளை இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு வாரம் என்று மட்டுமே கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். உடலின் சமநிலையைக் காப்பதில் அந்தப் பழக்கம் முழுதாக ஏற்படுவதில்லை, அதனால் விழும் ஆபத்து தங்கிவிடுகிறது. வருடக்கணக்கில் குளிசை போடும் ஒருவர் பெறுவது பழைய நித்திரையை அல்ல. பழகிப்போன மூளை கிளர்ந்தெழாமல் இருப்பதை மட்டுமே அவர் பெறுகிறார்.

இதை நான் அவருக்கு மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தபோது, எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ரீச்சர் அம்மா ஒருவர் தன் கைப்பையிலிருந்து டயசிபாம் உறையை எடுத்து என் முன்னே மேசையில் வைத்தார். பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர் என்று பின்னர் அறிந்தேன். “இந்தாங்கோ. எட்டு வருசம். இண்டையோட சரி, இதை நீங்களே கொண்டு போங்கோ” என்றார். சுற்றி நின்றவர்கள் பாராட்டினார்கள். இன்னொருவரும் தன் உறையைத் தேடினார். அந்தக் கணத்தில்தான் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. இருபது நிமிடமாக இருபத்தைந்து காய்களைக் காட்டிப் பயமுறுத்தியிருந்தேன். அவற்றைத் திடீரென்று எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை.

வருடக்கணக்கில் பழகிய மூளையிலிருந்து மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், இறுக்கிக்கொண்ட எதிர்ப்பக்கம் கடிவாளம் அறுந்த குதிரையாகிவிடும். நித்திரை அடியோடு போகும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், காரணமில்லாத பயம் வரும். சிலருக்குக் குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரும், வலிப்பும் வரலாம். ஒருபோதும் வலிப்பு இருந்திராத முதியவருக்கும் வரலாம். உறைகளைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாரையும் மறுபடி கதிரைகளில் இருக்கச் சொன்னேன். சிலர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்கள். செயலாளர் ஐயா வாசலில் நின்று மறித்தார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாலு நாள் ஒன்றும் இல்லை

ரீச்சர் அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: இதற்கு முன் எப்போதாவது நிறுத்திப் பார்த்தீர்களா? இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறார். “முதல் நாலு நாள் ஒண்டும் இல்லை, பிள்ளை. வடிவா நித்திரை. இது எனக்குத் தேவையே இல்லாத சாமான் எண்டு நினைச்சன். அஞ்சாம் ஆறாம் நாள்தான் ஒரு பொட்டு நித்திரை இல்லை, நெஞ்சு அடிச்சுக்கொண்டே இருந்தது. அப்பதான் விளங்கினது, எனக்கு இயற்கையாவே நித்திரை வராது, குளிசை வேணும் எண்டு.” இரண்டாம் தடவையும் அதே கதை, அதே ஐந்தாம் நாள்.

நான் மறுபடி கிண்ணத்தை எடுத்தேன். இருபத்தைந்துக்கு ஆறு காய் குறைவு. வடையோடு வந்த கச்சானில் ஆறு பருப்பைப் போட்டு நிரப்பினேன். இப்போது புதிதாக எதையும் போடாமல், ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுக்கச் சொல்லிக் கிண்ணத்தை அவரிடமே கொடுத்தேன். கணித ரீச்சர் அல்லவா, எனக்கு வேலை வைக்கவில்லை. குளிசை போடாத முதல் இரவு இருபது. இரண்டாம் இரவு பதினாறு. மூன்றாம் இரவு பதின்மூன்று. மூன்று நாள் நிறுத்திய பிறகும் பாதி மருந்து உள்ளேயே இருக்கிறது. நாலாம் இரவு பத்து. ஐந்தாம் இரவு எட்டு. அங்கே அவர் கையை நிறுத்திவிட்டார். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. நிறுத்திய நாளிலிருந்து அவர் குளிசை இல்லாமல் நித்திரை கொண்டதாக நினைத்த நான்கு இரவுகளும், பழைய குளிசைகளோடு நித்திரை கொண்ட இரவுகள்தான். ஐந்தாம் நாள் வந்தது அவருடைய இயற்கை அல்ல. மருந்து போன வேகத்துக்கு மூளையின் எதிர்வினை. இரண்டு தடவையும் நாள் தவறாமல் அது வந்ததே அதற்குச் சாட்சி.

நான் சொல்ல வேண்டியிருந்ததும் இந்தத் தாமதத்தைத்தான் என்று அப்போதுதான் எனக்கே விளங்கிற்று. தொடங்கும்போது கெடுதி இரண்டாம் வாரத்தில் வருவதால் குளிசை தப்பித்துக்கொள்கிறது. நிறுத்தும்போது கெடுதி ஐந்தாம் நாளில் வருவதால் ஆள் மாட்டிக்கொள்கிறார். இரண்டிலும் ஒரே கிண்ணம், ஒரே ஐந்தில் ஒரு பங்கு. அல்பிரசோலாம் போன்ற குறுகிய காலக் குளிசைகளில் இந்தத் தாமதம் கிடையாது. ஒன்றிரண்டு நாளிலேயே நடுக்கம் வந்துவிடும். அங்கே காரணம் தெளிவாகத் தெரியும், ஆனால் மருந்தின் அளவு இறங்குவது செங்குத்தாக இருக்கும்.

படிகள்

ரீச்சர் அம்மாவை அவருடைய வைத்தியரிடம் ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். மருந்தாளர் கடிதம் எழுதினால் சில வைத்தியர்களுக்குப் பிடிக்காது. இவர் மறுநாளே தொலைபேசியில் அழைத்து, திட்டத்தை இருவருமாகப் போடுவோம் என்றார். 5 மில்லிகிராம் குளிசையை ஒழுங்காகப் பங்கிட முடியாதென்பதால் 2 மில்லிகிராம் குளிசைக்கு மாற்றினோம். அதைத் தேடிப்பிடிக்க மூன்று மருந்தகங்களைக் கேட்க வேண்டியிருந்தது. முதற்படி 4 மில்லிகிராம், அதாவது இரண்டு குளிசை. அடுத்து ஒன்றரைக் குளிசை, அது 3. பிறகு ஒன்று. அதன்பின் முக்கால், அரை, கால். ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு வாரம்.

ஏன் இரண்டு வாரம் என்று அவர் கேட்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தவருக்கு அது தெரியும். தினமும் ஐந்துக்குப் பதில் நான்கு போட்டால் கிண்ணம் இருபத்தைந்திலிருந்து இருபதுக்கு இறங்கி நிலைக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதற்குள், ஒரு வாரம் நன்றாக இருந்தது என்று அடுத்த படியை இறங்கினால், முதற்படியின் மிச்ச இறக்கமும் இரண்டாம் படியின் இறக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். குறைக்க முயன்று தோற்றவர்கள் பலரும் இந்த அவசரத்தில் தோற்றவர்கள்தான். இன்னொன்றும் உண்டு: படிகள் கீழே போகப் போகச் சிறிதாக வேண்டும். ஐந்திலிருந்து நான்குக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கை இழப்பது. ஒரு மில்லிகிராமிலிருந்து அரைக்கு வருவது பாதியை இழப்பது. அளவு சிறிதென்றாலும் மூளை உணர்வது பங்கைத்தான். ‘இனி மிச்சம் ஒரு துண்டுதானே’ என்று கடைசியில் தூக்கி எறிபவர்கள் அங்கேதான் இடறுகிறார்கள்.

குளிசையை வெட்டுவதற்கு மருந்தகங்களில் விற்கும் சிறு வெட்டி போதும். சமையலறைக் கத்தியால் வெட்டினால் பாதி மாவாகிவிடும். மெதுவாக மருந்தை விடுவிக்கும் வகைக் குளிசைகளை மட்டும் வெட்டவே கூடாது. வெட்டினால் முழு மருந்தும் ஒன்றாக இறங்கிவிடும். கெட்ட இரவுகள் வந்தால் மேற்படிக்குத் திரும்ப வேண்டாம், நின்ற படியிலேயே இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கை நடுக்கம் நிற்காவிட்டாலோ குழப்பம் வந்தாலோ அன்றே அவரிடம் வர வேண்டும். வலிப்பு வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள் என்று அவருடைய மருமகளிடம் நான் தனியே சொன்னேன்.

வைத்தியர் செய்த இன்னொரு காரியம் எனக்குத் தோன்றாதது. அவர் ரீச்சர் அம்மாவின் நாளைக் கேட்டார். மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் படுப்பார். இரவு எட்டு மணிச் செய்தி முடிந்ததும் குளிசையைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போவார். அதிகாலை இரண்டரைக்கு விழிப்பு வரும். அதை நித்திரையின்மை என்று எண்ணி ஐந்து மணி வரை இருட்டில் கவலைப்பட்டுக்கொண்டு கிடப்பார். எட்டரையிலிருந்து இரண்டரை வரை ஆறு மணித்தியாலம். மத்தியானத்தோடு சேர்த்தால் ஏழு. எழுபத்தைந்து வயதில் அது குறைந்த நித்திரை அல்ல. தவறான நேரத்தில் வந்த நித்திரை. இரவு பத்தரைக்கு முன் கட்டிலில் ஏறக் கூடாது, மத்தியானம் கதிரையில் இருபது நிமிடம் மட்டும், காலை ஐந்தரைக்கு எழும்பியே ஆக வேண்டும் என்று மாற்றினார். முதல் இரண்டு வாரம் ரீச்சர் அம்மா பகலில் சோர்ந்து திரிந்தார்; என்னோடு பேசும்போது கோபமும் வந்தது. பிறகு விழிப்பு நாலரைக்குத் தள்ளிப்போயிற்று. குளிசையைக் குறைத்ததை விட இது அவருக்குக் கடினமாக இருந்தது என்று நினைக்கிறேன்; எட்டரை முதல் பத்தரை வரை தனியாக ஒரு வீட்டில் என்ன செய்வது?

இது எல்லாருக்கும் வாய்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மருந்தகங்கள் ஊடாக 65 வயதுக்கு மேற்பட்ட 303 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இந்தக் குளிசைகளைப் பற்றிய எளிய கைநூலும் படிப்படியாகக் குறைக்கும் படம் போட்ட அட்டவணையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதமானோர் முற்றாக நிறுத்தியிருந்தார்கள். கைநூல் பெறாதவர்களில் 5 சதவீதம். ஒரு சிறு கைநூலுக்கு அது பெரிய பலன். ஆனால் நூற்றில் எழுபதுக்கு மேற்பட்டோர் முற்றாக நிறுத்தவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நிறுத்த முடியாதவர் தோற்றவர் அல்ல. ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்து நின்றுவிட்டவரின் கிண்ணத்தில் இருபத்தைந்துக்குப் பதில் பத்துக் காய்தான். விடிகாலை மூன்று மணிக்கு அந்த வித்தியாசம் ஓர் இடுப்பெலும்பின் பெறுமதி.

ரீச்சர் அம்மா ஒன்றரைக் குளிசையில் நான்கு வாரம் நின்றார், ஏனென்றால் இடையில் பேத்தியின் கலியாணம் வந்தது. அந்தப் பரபரப்பில் படி இறங்க வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம். இப்போது அரைக் குளிசை, ஒரு மில்லிகிராம். ஐந்து மாதமாகிவிட்டது. போன வாரம் மருந்தகத்துக்கு வந்தபோது, தொடர்ந்து மூன்று இரவு சரியில்லை என்றார். கால் துண்டுக்குப் போவதைத் தள்ளிப்போட்டோம். காலையில் தலை தெளிவாக இருக்கிறதாம்; குறுக்கெழுத்துப் புதிரை மறுபடி முழுதாக நிரப்புகிறாராம். குளிசைதான் மறக்கச் செய்ததா என்று அவர் கேட்டபோது, இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையில் இன்னொரு சங்கத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். பேச்சின் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். முதல் வசனமே, இன்று வீட்டுக்குப் போய் எந்தக் குளிசையையும் நிறுத்தாதீர்கள் என்பதாக இருக்கும். கிண்ணத்தை நிரப்புவதற்கு முன்னமே அதை எப்படி வெறுமையாக்குவது என்று சொல்லிவிடுவேன். அங்குள்ள செயலாளர் அம்மா என்ன வசதிகள் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். ஒலிவாங்கியும் திரையும் என்று எதிர்பார்த்திருப்பார். இரண்டு கரம் போர்டின் காய்கள் வேண்டும் என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. “ஒண்டுதான் இருக்கு மகள், அதிலயும் சிவப்பைக் காணேல்லை” என்றார். பரவாயில்லை அம்மா, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.